அபூ, அபா, அபீ: அரபியின் ஐந்து பெயர்ச்சொற்களைப் பிழையில்லாமல் படிப்பது எப்படி?

மதரஸாவில் ஓதத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்யும் சிறிய அத்தியாயங்களில் குர்ஆனின் 111ஆவது அத்தியாயமும் ஒன்று. "தப்பத் யதா அபீ லஹபின்" என்று அது தொடங்கும். அதில் சொல்லப்படுகிறவரின் பெயர் என்ன என்று கேட்டால் எல்லோரும் "அபூ லஹப்" என்பார்கள். பெயர் அபூ என்றால் ஓதும்போது மட்டும் ஏன் அபீ? அதேபோல, ஹதீஸ் நூலில் "அன் அபீ ஹுரைரத" என்று அரபியில் இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பில் "அபூ ஹுரைரா அறிவிக்கிறார்" என்று இருக்கும். சஃது அவர்களின் முழுப் பெயரைச் சொல்லும்போது "சஃது இப்னு அபீ வக்காஸ்" என்கிறோம். இவை ஓதல் வேறுபாடுகளும் அல்ல, அச்சுப்பிழைகளும் அல்ல. அரபி இலக்கணத்தில் "அல்அஸ்மாஉல் கம்ஸா", அதாவது ஐந்து பெயர்ச்சொற்கள் என்று தனியாக வைத்துப் பேசப்படும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. அதன் விதிதான் இந்த மூன்று இடங்களிலும் வேலை செய்கிறது.

விதியைச் சொல்லிவிடுவது எளிது. எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்வதில்தான் பயிற்சி வேண்டும். அதற்குச் சூரா யூசுஃபைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. தந்தையும் சகோதரர்களும் பற்றிய கதை என்பதால் "தந்தை", "சகோதரன்" என்ற சொற்கள் அதில் எல்லா நிலைகளிலும் வந்துபோகின்றன. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவற்றை அங்கிருந்தே தருகிறேன். நாம் வழக்கமாக ஓதும் ஹஃப்ஸ் ஓதலையே பின்பற்றுகிறேன்.

முதலில் சாதாரணப் பெயர்ச்சொல் எப்படி மாறுகிறது?

தமிழில் வேற்றுமையைக் காட்ட உருபு சேர்க்கிறோம்: ஆசிரியர், ஆசிரியரை, ஆசிரியருக்கு, ஆசிரியருடைய. அரபியில் சொல்லின் கடைசி எழுத்தில் வரும் உயிர் ஒலி மாறும். ஆசிரியர் என்பதற்கு "முஅல்லிம்". ஸைதின் ஆசிரியர் என்று சொல்ல, முஅல்லிமுக்குப் பின்னால் ஸைதை வைக்க வேண்டும்:

ஜாஅ முஅல்லிமு ஸைதின் – ஸைதின் ஆசிரியர் வந்தார்.
ரஅய்து முஅல்லிம ஸைதின் – ஸைதின் ஆசிரியரைப் பார்த்தேன்.
ஸல்லம்து அலா முஅல்லிமி ஸைதின் – ஸைதின் ஆசிரியருக்கு ஸலாம் சொன்னேன்.

முஅல்லிமு, முஅல்லிம, முஅல்லிமி. எழுவாயாக வந்தால் "உ", செயப்படுபொருளாக வந்தால் "அ", "அலா", "இலா", "மின்" போன்ற முன்னிடைச்சொற்களுக்குப் பின்னால் வந்தால் "இ". இந்த மூன்று நிலைகளையும் முறையே ரஃப்உ, நஸ்பு, ஜர்ரு என்பார்கள். மூன்றுமே குறில் என்பதைக் கவனியுங்கள்.

முன்னால் நிற்கும் சொல்லுக்கு முளாஃப் என்று பெயர். அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் பின் சொல்லுக்கு முளாஃப் இலைஹி என்று பெயர். மேலே முஅல்லிம் முளாஃப். ஸைத் முளாஃப் இலைஹி, அது எப்போதும் ஜர்ரு நிலையில் நிற்கும். இந்த இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்றவற்றைத் தமிழிலேயே பேசலாம்.

இப்போது முஅல்லிம் இருந்த இடத்தில் "அப்", அதாவது தந்தை என்ற சொல்லை வையுங்கள்:

ஜாஅ அபூ ஸைதின் – ஸைதின் தந்தை வந்தார்.
ரஅய்து அபா ஸைதின் – ஸைதின் தந்தையைப் பார்த்தேன்.
ஸல்லம்து அலா அபீ ஸைதின் – ஸைதின் தந்தைக்கு ஸலாம் சொன்னேன்.

உ, அ, இ என்ற அதே வரிசைதான். குறில் மட்டும் நெடிலாகிவிட்டது. எழுத்தில் அந்த நெடிலை வாவ், அலிஃப், யா ஆகிய எழுத்துகள் காட்டும். மற்றச் சொற்களில் மேலும் கீழும் இடும் குறியாக மட்டும் இருக்கும் வேற்றுமை, இந்த ஐந்து சொற்களில் முழு எழுத்தாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் உயிர்க்குறி இல்லாத செய்தித்தாளைப் படிக்கும்போதுகூட இங்கே வேற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது.

ஐந்தும் எவை?

அபூ (தந்தை), அகூ (சகோதரன்), ஹமூ, ஃபூ (வாய்), தூ (உடையவன்). 1323இல் காலமான மொராக்கோ நாட்டு இலக்கண அறிஞர் இப்னு ஆஜுர்ரூம் எழுதிய ஆஜுர்ரூமிய்யா என்ற சிறு பாடநூல் இந்த ஐந்தையும் "அபூக, அகூக, ஹமூக, ஃபூக, தூ மாலின்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. "ஹனூ" என்ற ஆறாவது சொல்லையும் சேர்த்து ஆறு என்று கணக்கிடுவோரும் உண்டு. அது அபூர்வமான சொல். படிக்கிறவருக்கு ஐந்து போதும்.

ஹமூ என்பது அடிப்படையில் ஒரு பெண்ணுக்குக் கணவன் வழியில் உறவாகும் ஆண்; மாமனார் என்ற பொருளில் அதிகம் வழங்குகிறது. ஆகவே "உன் மாமனார்" என்பதை ஒரு பெண்ணிடம் சொல்வதுபோல "ஹமூகி" என்று படிப்பதே பொருத்தம் என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். ஹமூகி, ஹமாகி, ஹமீகி என்று அது மாறும். இதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. அபூ போகும் வழியில்தான் இதுவும் போகிறது. ஃபூவுக்கும் தூவுக்கும் மட்டும் தனி நிபந்தனைகள் உண்டு. பிறகு வருகிறேன்.

படி 1: பின்னால் முளாஃப் இலைஹி இருக்கிறதா?

எங்கே "அப்" அல்லது "அக்" கண்ணில் பட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு பெயரோ, "உன்", "அவன்", "நம்" போன்ற ஒட்டுச்சொல்லோ பின்னால் இருந்தால்தான் நெடில் வரும். இல்லையென்றால் இவையும் மற்றப் பெயர்ச்சொற்களைப் போலத்தான். குறிலும் தன்வீனும் எடுக்கும்.

சூரா யூசுஃபில் இதற்கு மூன்று இடங்கள் அமைந்திருக்கின்றன, மூன்று நிலைகளுக்கும் ஒவ்வொன்றாக. 77ஆம் வசனத்தில் சகோதரர்கள் "ஃபகத் ஸரக அகுன் லஹு மின் கப்லு", அதாவது இவனுடைய சகோதரன் ஒருவனும் முன்பு திருடியிருக்கிறான் என்கிறார்கள். அங்கே "அகுன்". 78ஆம் வசனத்தில் "இன்ன லஹு அபன் ஷைகன் கபீரன்", இவனுக்கு முதிர்ந்த வயதுடைய தந்தை ஒருவர் இருக்கிறார். அங்கே "அபன்". 59ஆம் வசனத்தில் யூசுஃப் நபி சொல்வது: "இஃதூனீ பிஅகின் லகும் மின் அபீகும்".

இந்தக் கடைசி வரியில் சற்று நில்லுங்கள். "உங்கள் தந்தை வழியில் உங்களுக்குள்ள ஒரு சகோதரனை என்னிடம் கொண்டு வாருங்கள்" என்பது பொருள். "அகின் லகும்" என்பதைத் தமிழில் "உங்கள் சகோதரன்" என்றும் பெயர்த்துவிடலாம். அதனால் பொருளை மட்டும் வைத்துப் பார்க்கிறவர் இது முளாஃப் என்று நினைத்துவிடுவார். ஆனால் "கும்" என்ற ஒட்டு "அக்" உடன் நேராக ஒட்டவில்லை. நடுவில் "ல" என்ற முன்னிடைச்சொல் நிற்கிறது. எனவே அங்கே இணைப்பு இல்லை. "பி"க்குப் பின்னால் வெறும் "அகின்" என்ற குறில்தான் வருகிறது. இரண்டு சொல் தள்ளி "அபீகும்" என்பதில் அதே "கும்" நேராக ஒட்டியிருக்கிறது. உடனே நெடில் வந்துவிட்டது. ஒரே வரியில் இரண்டு வகையும் அருகருகே இருப்பதால் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: ஒட்டியிருப்பது "என்" என்ற யாவா?

"என்" என்பதைக் குறிக்கும் ஒட்டுச்சொல் "ஈ". என் தந்தை என்றால் "அபீ". பார்க்க ஜர்ரு நிலையின் "அபீ" போலவே இருக்கும். கேட்பதற்கும் அதேதான். ஆனால் இந்த யா வேற்றுமையைக் காட்டும் எழுத்து அல்ல, "என்" என்ற பொருளைத் தரும் ஒட்டு. "என்" சேர்ந்தவுடன் ஐந்து சொல் விதி விலகிக்கொள்கிறது. எழுவாயானாலும் செயப்படுபொருளானாலும் சொல் மாறாது.

80ஆம் வசனத்தில் மூத்த சகோதரர், "ஹத்தா யஃதன லீ அபீ", என் தந்தை எனக்கு அனுமதி தரும்வரை இந்த நாட்டை விட்டு நகரமாட்டேன் என்கிறார். அனுமதி தருகிறவர் தந்தை, அவர்தான் எழுவாய். "அபூ" என்று எதிர்பார்ப்போம், வந்திருப்பது "அபீ". 93ஆம் வசனத்தில் "அலா வஜ்ஹி அபீ", என் தந்தையின் முகத்தின் மேல். இங்கே ஜர்ரு நிலை, அதுவும் "அபீ". 20ஆவது அத்தியாயத்தில் மூசா நபி "ஹாரூன அகீ", என் சகோதரர் ஹாரூனை என்று வேண்டுகிறார். ஹாரூன என்ற சொல்லின் "அ" ஒலி நஸ்பு நிலையைக் காட்டுகிறது. அதை ஒட்டி வரும் அகீயும் அதே நிலைதான். ஆனாலும் அது "அகா" ஆகவில்லை.

அப்படியானால் எழுத்தில் "அபீ" என்று பார்த்தால் எது எது என்று எப்படிப் பிரிப்பது? அடுத்த சொல்லைப் பாருங்கள். அபீயோடு சேர்ந்து ஒரே பெயராக நிற்கக்கூடிய சொல் அங்கே இருந்து, அது ஜர்ரு நிலையில் முடிந்தால், அபீ முளாஃப். "அபீ லஹபின்" அப்படித்தான்: லஹப் என்பது "இன்" என்று முடிகிறது. அப்படி ஒரு சொல் இல்லாமல் வாக்கியம் முடிந்துவிட்டால், அல்லது அடுத்து வினைச்சொல்லோ முன்னிடைச்சொல்லோ வந்தால், அது "என் தந்தை".

படி 3: ஒருமையா? சொல் தன் இயல்பான வடிவில் இருக்கிறதா?

நெடில் விதி ஒருமைக்கு மட்டும். 58ஆம் வசனம் "வஜாஅ இக்வது யூசுஃப", யூசுஃபின் சகோதரர்கள் வந்தார்கள் என்று தொடங்குகிறது. முளாஃப் இருக்கிறது, முளாஃப் இலைஹியும் இருக்கிறது, பொருளும் சகோதரன்தான். ஆனால் சொல் பன்மை. எனவே "இக்வது" என்று குறில் "உ"வோடு நின்றுவிட்டது. 100ஆம் வசனத்தில் "வரஃபஅ அபவைஹி", தம் பெற்றோர் இருவரையும் அரியணையில் ஏற்றினார். இது இருமை, இருமைக்கு உரிய "ஐ" ஒலி வருகிறது. அந்த அபவைஹியில் ஒரு "வ" எட்டிப்பார்க்கிறது அல்லவா? அப், அக், ஹம் மூன்றுக்கும் மூன்றாவது வேரெழுத்து வாவ். ஒருமையில் மறைந்திருக்கும் அது இருமையில் வெளியே வருகிறது. மற்றச் சொற்களுக்கு இல்லாத நெடில் இவற்றுக்கு எப்படி வந்தது என்று கேட்கிற மாணவருக்கு இந்த வாவைக் காட்டலாம்.

"அப்" என்பதைச் சிறுமைப் பொருளில் "உபய்" என்று சொன்னாலும் விதி விலகும். நபித்தோழர் உபய் இப்னு கஃபின் பெயர் அந்த வடிவம்தான். அது மற்றப் பெயர்களைப் போலக் குறிலில் மாறும்.

"உம்மு" (தாய்), "உக்து" (சகோதரி) ஆகியவையும் உறவுப் பெயர்கள்தானே, அவையும் இப்படி நீளுமா என்று கேட்பவர்கள் உண்டு. நீளாது. 19ஆவது அத்தியாயத்தின் 28ஆம் வசனத்தில் மர்யமிடம் மக்கள் சொல்வதைக் கேளுங்கள்: "மா கான அபூகிம்ரஅ ஸவ்இன் வமா கானத் உம்முகி பகிய்யா". உன் தந்தை கெட்டவராக இருக்கவில்லை, உன் தாயும் நடத்தை தவறியவராக இருக்கவில்லை. வாக்கிய அமைப்பில் தந்தையும் தாயும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். தந்தைக்கு "அபூகி", தாய்க்கு "உம்முகி".

படி 4: எந்த நெடில்?

முதல் மூன்று படிகளையும் தாண்டிவிட்டால் வாவா, அலிஃபா, யாவா என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கு நான் நம்பிப் பயன்படுத்தும் வழி, அந்த இடத்தில் முஅல்லிம் போன்ற ஒரு சாதாரணச் சொல்லை வைத்துப் பார்ப்பது. முஅல்லிமு என்று வந்தால் அபூ. முஅல்லிம என்று வந்தால் அபா. முஅல்லிமி என்று வந்தால் அபீ. வேற்றுமை எது என்பதில் குழப்பம் இருந்தால் அது இந்த ஐந்து சொற்களின் குழப்பம் அல்ல என்பதும் இதில் தெரிந்துவிடும். வாக்கிய அமைப்பைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

8ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டு முழுவதுமாகச் செய்து பார்ப்போம். சகோதரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்:

"லயூசுஃபு வஅகூஹு அஹப்பு இலா அபீனா மின்னா வநஹ்னு உஸ்பதுன், இன்ன அபானா லஃபீ ளலாலின் முபீன்."

யூசுஃபும் அவருடைய சகோதரரும் நம்மைவிட நம் தந்தைக்கு அதிகப் பிரியமானவர்கள், நாமோ ஒரு கூட்டமாக இருக்கிறோம், நம் தந்தை தெளிவான தவறில் இருக்கிறார் என்பது பொருள்.

முதல் சொல் "அகூஹு". பின்னால் "ஹு" (அவருடைய) நேராக ஒட்டியிருக்கிறது, "என்" அல்ல, ஒருமை. நெடில் உறுதி. இனி எந்த நெடில்? முன்னால் "யூசுஃபு" என்று உகரத்தில் முடியும் எழுவாய். "வ" என்பது "உம்". யூசுஃபும் சகோதரரும் ஒரே தகுதியில் இணைகிறார்கள். யூசுஃபு உகரம் என்றால் சகோதரரும் உகரம், நீட்டினால் அகூ.

அடுத்தது "அபீனா". "னா" (நம்) நேராக ஒட்டியிருக்கிறது. முன்னால் "இலா". முஅல்லிம் வைத்தால் "இலா முஅல்லிமினா". இகரம் நீண்டு அபீ.

மூன்றாவது "அபானா". அதே தந்தை, அதே "நம்". பொருளைப் பார்த்தால் "நம் தந்தை தவறில் இருக்கிறார்" என்பதில் தந்தை எழுவாய்போலத்தான் தெரிகிறார். தமிழில் யோசிக்கிறவர் இங்கே "அபூனா" என்று ஓத வாய்ப்பு அதிகம். ஆனால் முன்னால் "இன்ன" நிற்கிறது. "நிச்சயமாக" என்ற பொருள் தரும் இந்தச் சொல், தனக்குப் பின் வரும் எழுவாயை நஸ்பு நிலைக்கு மாற்றிவிடும். "இன்ன முஅல்லிமனா" என்பதுபோல "இன்ன அபானா". ஒரே மனிதரைப் பற்றி ஒரே மூச்சில் பேசும்போது அபீனா, அபானா என்று சொல் மாறுவதற்கு முன்னால் நிற்கும் சொற்களே காரணம். "அபூ"வும் வேண்டுமென்றால் 94ஆம் வசனத்துக்குப் போங்கள்: "கால அபூஹும்", அவர்களுடைய தந்தை சொன்னார். வெறும் வினையும் எழுவாயும்.

வாய்: ஃபூவும் ஃபமும்

வாய் என்பதற்குச் சாதாரணச் சொல் "ஃபம்". அதில் மீம் இருக்கும்வரை அது ஐவரில் ஒன்று அல்ல. உன் வாய் என்பதற்கு ஃபமுக, ஃபமக, ஃபமிக என்று குறிலில் மாறும். மீம் போய்விட்டால்தான் ஃபூக, ஃபாக, ஃபீக. மீம் இல்லாத இந்த வடிவம் முளாஃபாக மட்டுமே வரும். தனியாக "ஃபூ" என்று ஒரு சொல்லை நிறுத்த முடியாது.

சூரா ரஅதின் 14ஆம் வசனத்தில் தண்ணீரை நோக்கிக் கைகளை விரிப்பவனின் உவமை வருகிறது. "லியப்லுக ஃபாஹு", அது தன் வாயை அடைய வேண்டும் என்று. வாய் செயப்படுபொருள், ஆகவே ஃபா.

ஜர்ரு நிலையில்தான் தடுமாற்றம். "ஃபீ" என்றால் "இல்" என்ற பொருள் தரும் முன்னிடைச்சொல்லும் ஆகும். சஃது இப்னு அபீ வக்காஸ் அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், உன் மனைவியின் வாயில் நீ வைக்கும் உணவுக்குக்கூட நற்கூலி உண்டு என்ற கருத்து வருகிறது. புகாரியில் உள்ள ஓர் அறிவிப்பில் அது "ஹத்தா மா தஜ்அலு ஃபீ ஃபிம்ரஅதிக" என்று இருக்கிறது. எழுத்தில் "ஃபீ ஃபீ" என்று ஒரே சொல் இரண்டு முறை அச்சாகியதுபோல் தோன்றும். முதலாவது "இல்", இரண்டாவது "வாய்", முன்னிடைச்சொல்லுக்குப் பின் வந்ததால் ஃபீ ஆனது. அடுத்த சொல்லோடு சேர்த்து ஓதும்போது அதன் நெடில் குறைந்து "ஃபிம்" என்று கேட்கிறது.

உடையவன்: தூ

தூ எப்போதும் முளாஃப்தான், தனியாக வராது. இதற்குப் பின்னால் வருவது கல்வி, செல்வம், மாண்பு போன்ற ஒரு பொதுப்பெயராக இருக்க வேண்டும். "ஹு", "க" போன்ற ஒட்டுச்சொற்களை இது ஏற்காது. "தூஹு" என்று சொல்வதில்லை. சூரா யூசுஃபின் 68ஆம் வசனத்தில் யஃகூப் நபியைப் பற்றி "லதூ இல்மின்", கல்வி உடையவர் என்று வருகிறது. 76ஆம் வசனத்தில் "வஃபவ்க குல்லி தீ இல்மின் அலீம்", கல்வியுடைய ஒவ்வொருவருக்கும் மேலாக அறிந்தவன் ஒருவன் இருக்கிறான். "குல்லி"க்குப் பின்னால் வந்ததால் தீ.

இந்தச் சொல்லின் வேற்றுமை பொருளையே எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு சூரா ரஹ்மானின் இரண்டு வசனங்களைச் சேர்த்துப் பாருங்கள். 27இல் "வயப்கா வஜ்ஹு ரப்பிக துல்ஜலாலி வல்இக்ராம்". 78இல், அதாவது கடைசி வசனத்தில், "தபாரகஸ்மு ரப்பிக தில்ஜலாலி வல்இக்ராம்". இரண்டிலும் மாண்பும் கண்ணியமும் உடைய என்ற அதே அடைமொழி. முன்னதில் துல், பின்னதில் தில். முன்னதில் அடைமொழி உகரத்தில் முடியும் "வஜ்ஹு" என்ற சொல்லைத் தழுவுகிறது: மாண்புடைய திருமுகம். பின்னதில் இகரத்தில் நிற்கும் "ரப்பி" என்ற சொல்லைத் தழுவுகிறது: மாண்புடைய இறைவனின் பெயர். தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாட்டைக் காட்டுவது கடினம். அரபியில் ஒரு நெடில் அதைச் செய்துவிடுகிறது. பழக்கத்தில் இரண்டையும் துல்ஜலாலி என்றே ஓதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்று கவனித்து ஓத வேண்டும்.

துல், தில் என்று ஏன் குறிலாக ஒலிக்கிறது? எழுத்தில் தூ, தீ என்று வாவும் யாவும் அப்படியே இருக்கின்றன. அடுத்து "அல்" வந்து சேரும்போது, சேர்த்து ஓதுகையில் நெடில் குறுகிவிடும். அபுல் காசிம், துல்ஹஜ், துல்கர்னைன் என்று நாம் குறிலில் எழுதுவதும் இந்த ஒலியை வைத்துத்தான். எனவே "அல்" வரும் இடங்களில் நெடிலைத் தேடாமல், உகரமா அகரமா இகரமா என்று கேளுங்கள். சூரா கஹ்ஃபின் 83ஆம் வசனத்தில் "அன் தில்கர்னைன்", 86இல் "யா தல்கர்னைன்". அன் என்பது முன்னிடைச்சொல், ஆகவே இகரம். "யா" என்று விளிக்கும்போது முளாஃபாக நிற்கும் பெயர் நஸ்பு நிலைக்குப் போகும், ஆகவே அகரம்.

இரண்டு இடங்களில் ஏமாந்துவிடக் கூடாது. ஆயத்துல் குர்ஸியில் வரும் "மன் தல்லதீ" என்பதிலுள்ள தா, "உடையவன்" அல்ல, அது சுட்டுச்சொல். அதேபோலத் தூவின் பெண்பால் "தாத்". இது ஐவரில் சேராது. "நாரன் தாத லஹபின்" என்பதில் நெடில் "தா" எப்போதும் உள்ளது, வேற்றுமை கடைசி "த"வில்தான். தாது, தாத, தாதி என்று குறிலில் மாறும்.

வளைகுடாவில் கேட்பது வேறு

துபாயிலோ குவைத்திலோ வேலை செய்து பேச்சு அரபி கற்றவர்கள் இந்தப் பாடத்தில் கூடுதலாக ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பேச்சு வழக்கில் "அபூக்", "அகூக்" என்று எல்லா இடத்திலும் ஒரே வடிவம்தான். உன் தந்தை வந்தார், உன் தந்தையைப் பார்த்தேன், உன் தந்தையிடம் சொன்னேன் எல்லாவற்றுக்கும் அபூக். அங்கே அது பிழை அல்ல. ஊர்ப்பெயராகிவிட்ட அபூதபியும் அப்படியே உறைந்துவிட்டது. அதிகாரப்பூர்வ அறிவிப்புகளிலும் "ஃபீ"க்குப் பின்னால் அபூதபி என்றே எழுதுகிறார்கள். எழுத்து அரபியில் மற்ற இடங்களில் இந்தப் பழக்கம் கையோடு வந்து "இலா அபூக" என்று எழுத வைத்துவிடும். அங்கே முஅல்லிமை வைத்துப் பார்க்கும் வழி கைகொடுக்கும்.

பழைய அரபியிலேயே சில கோத்திரத்தார் எல்லா நிலையிலும் "அபா" என்று அலிஃபோடு சொல்லியிருக்கிறார்கள். "இன்ன அபாஹா வஅபா அபாஹா" என்று தொடங்கும் கவிதை வரியை இலக்கண நூல்கள் இதற்குச் சான்றாகக் காட்டும். அதில் மூன்றாவதாக வருவது முளாஃப் இலைஹி. பொது விதிப்படி அது அபீஹா ஆகியிருக்க வேண்டும். இப்படி ஒன்றைப் பார்த்தால் விதி தவறு என்று குழம்ப வேண்டாம், நாம் எழுதும்போது பின்பற்றவும் வேண்டாம்.

கையில் எடுத்துச் செய்து பார்க்க

சூரா யூசுஃபின் இந்த நான்கு இடங்களையும் விடையைப் பார்க்காமல் நான்கு படிகளில் நடத்திப் பாருங்கள்: 63இல் "ஃபஅர்ஸில் மஅனா அகானா", 76இல் "கப்ல விஆஇ அகீஹி", 38இல் "மில்லத ஆபாஈ", 69இல் "ஆவா இலைஹி அகாஹு, கால இன்னீ அன அகூக".

முதலாவதில் "எங்களுடன் எங்கள் சகோதரனை அனுப்புங்கள்". சகோதரன் செயப்படுபொருள், ஆகவே அகா. இரண்டாவதில் "சகோதரனின் பொதி". சகோதரன் முளாஃப் இலைஹியாகவும், "ஹி"க்கு முளாஃபாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறான். முன் சொல் அவனை இகரத்துக்கு இழுக்கிறது, பின் ஒட்டு அதை நீட்டுகிறது: அகீ. மூன்றாவது பன்மை, அதோடு "என்" என்ற யாவும் சேர்ந்திருக்கிறது. ஆகவே இந்த விதிக்கே இடமில்லை.

நான்காவதில்தான் பலர் தவறுவார்கள். "தம் சகோதரரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார்" என்பதில் அகாஹு எளிது. "நான்தான் உன் சகோதரன்" என்பதில் "இன்ன" இருக்கிறதே, பிறகு ஏன் "அகாக" ஆகவில்லை? இன்ன நஸ்பு நிலைக்கு மாற்றுவது தன் எழுவாயை மட்டும். அந்த எழுவாய் "இன்னீ" என்பதில் ஒட்டியிருக்கும் "ஈ", அதாவது "நான்". "அகூக" என்பது எழுவாயைப் பற்றிச் சொல்லும் பயனிலைப் பகுதியில் இருக்கிறது. அங்கே இன்னவின் கை எட்டாது. முஅல்லிமை வைத்தாலும் "இன்னீ அன முஅல்லிமுக" என்றுதான் வரும்.